பாதி தீர்ந்த சமரசத்தை எழுதி வைப்பது எப்படி: மேல்வீடு, கீழ்வீடு, ஒரு நீர்க்கசிவு

சமரசப் பேச்சு மூன்று மணி நேரம் நன்றாகப் போய், கடைசி அரை மணி நேரத்தில் எழுத்தில் கெட்டுப்போவதுதான் புதிதாக வரும் தொண்டூழிய சமரசர்களிடம் நான் அதிகம் பார்ப்பது. எல்லாரும் களைத்துப் போயிருப்பார்கள், மணி பத்தை நெருங்கியிருக்கும், ஒருவருக்கு மறுநாள் காலை ஷிப்டு இருக்கும். அந்த நேரத்தில் "இரு தரப்பும் கசிவைச் சரிசெய்ய ஒத்துழைப்பார்கள்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுக் கிளம்பினால், இரண்டே மாதத்தில் அதே இருவர் அதே காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒத்துழைப்பு என்றால் என்ன என்று சண்டை போடுவார்கள்.

எல்லாமே தீர்ந்துவிட்ட வழக்கை எழுதுவது அவ்வளவு கஷ்டமில்லை. பாதி தீர்ந்து பாதி நிற்கிற வழக்குதான் கையைக் கடிக்கும், நடைமுறையில் அதுதான் அதிகம் வரும், அதனால் அதையே எடுத்துக்கொள்கிறேன். உதாரணம் நானே கட்டியது. தொகை, தேதி எல்லாம் விளக்கத்துக்காக வைத்தவை.

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக, அதாவது வீவக, புளோக் ஒன்றில் எட்டாவது மாடியில் ஒரு தம்பதி, ஒன்பதாவது மாடியில் வயதான அம்மாவும் மகனும். இரண்டுமே தமிழ்க் குடும்பங்கள். மேல்வீட்டு மாஸ்டர் படுக்கையறைக் குளியலறையிலிருந்து கீழ்வீட்டுக் குளியலறைக் கூரைக்கு நீர் கசிகிறது. அதை ஒட்டிய படுக்கையறைச் சுவர் ஊறி, சுவரோடு பொருத்திய அலமாரியின் பலகை உப்பிவிட்டது. கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டித் தட்டி, கடைசியில் தாழ்வாரத்தில் சத்தம் போடும் அளவுக்குப் போய், சமூக சமரச நிலையத்துக்கு வந்திருக்கிறார்கள். அந்த மாலை வந்தவர்கள் மூவர்: அம்மா, மகன், கீழ்வீட்டு மனைவி. கணவருக்கு இரவு வேலை.

பேசும்போதே பிரச்சினைகளைப் பிரித்து எண் போடுங்கள்

கடைசியில் எழுதுவதற்கான வேலை முதல் பத்து நிமிடத்திலேயே தொடங்கிவிடுகிறது. இருவரும் முதல் சுற்றுப் பேசும்போது அவர்கள் சொல்வதை வரிசையாக எழுதாமல், எதெதைப் பற்றிச் சண்டை என்று மட்டும் பிரித்து எண் போட்டுக்கொள்ளுங்கள். இந்த வழக்கில் எனக்கு ஐந்து வரும். கசிவு எங்கிருந்து என்று பார்க்க ஆள் உள்ளே வர விடுவது, பழுதுபார்ப்பும் அதன் செலவும், பழுது முடியும்வரை அந்தக் குளியலறையைப் பயன்படுத்துவது, கறைபட்ட கூரைக்குப் பெயின்ட், கடைசியாக அலமாரி. கதவைத் தட்டியது, சத்தம் போட்டது எல்லாம் இதில் ஆறாவதாக வரலாம், அதைப் பிறகு பார்ப்போம்.

இந்தப் பட்டியல் ஒரு காகிதத்தில் இருக்கட்டும். உங்கள் சொந்தக் குறிப்புகள், அதாவது யார் என்ன சொன்னார், தனியே பேசும்போது எவ்வளவு வரை இறங்கி வரத் தயார் என்றார் என்பவை, வேறு காகிதத்தில் இருக்கட்டும். இரண்டையும் ஒரே தாளில் எழுதிவிட்டு அதைப் பார்த்து, இரு தரப்பும் கடைசியில் கையெழுத்திடும் தீர்வுக் குறிப்பை எழுதினால், தனியறையில் சொன்னது அப்படியே குறிப்புக்குள் நழுவி விழுந்துவிடும். நீங்கள் அறியாமலேயே நடக்கும், அதனால்தான் சொல்கிறேன். பேச்சில் சொன்னவை ரகசியம், அவற்றைப் பிறகு நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது என்பதை நம்பித்தான் மக்கள் வாய் திறக்கிறார்கள். ஆனால் கையெழுத்தான தீர்வுக் குறிப்பு அறையை விட்டு வெளியே போகிற காகிதம். யார் வேண்டுமானாலும் நாளை அதைப் படிக்கலாம்.

மேலே எழுதும் பெயர்களை அலட்சியம் செய்யாதீர்கள்

தேதி, இடம், சமரசரின் பெயர் எல்லாம் நிலையத்தின் படிவத்திலேயே இருக்கும். நீங்கள் கவனிக்க வேண்டியது பெயரும் அதிகாரமும். பெயரை அடையாள அட்டையைப் பார்த்து, அதில் இருக்கிறபடி, தகப்பனார் பெயர் உட்பட முழுதாக எழுதுங்கள். நம் வீடுகளில் கூப்பிடுகிற பெயர் ஒன்று, அட்டையில் இருக்கிற பெயர் ஒன்று. "ஆன்ட்டி" என்று மூன்று மணி நேரம் கூப்பிட்ட பிறகு, அவருடைய முழுப்பெயர் அறையில் யாருக்குமே தெரியாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், வந்தவர் எந்த உரிமையில் வாக்குக் கொடுக்கிறார் என்று கேளுங்கள். மேல்வீட்டில் மகன்தான் எல்லாவற்றையும் பேசுகிறார், ஆனால் வீடு அம்மா பெயரில். ஆகவே மகன் கையெழுத்து மட்டும் போதாது, அம்மாவும் போட வேண்டும்; நல்லவேளை, அவர் அறையில் இருக்கிறார். கீழ்வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கிறது, கணவர் வரவில்லை. மனைவி "அவருக்கு நான் சொல்லிக்கிறேன்" என்பார். சொல்லுவார்தான், சந்தேகமே இல்லை, ஆனால் செலவில் பங்கு போடுவதற்கும் வீட்டுக்குள் ஆள் வருவதற்கும் அவரும் ஒப்புக்கொள்ள வேண்டுமே. இதைத் தீர்க்க எளிய வழி, கணவர் இன்ன தேதிக்குள் நிலையத்துக்கு வந்து கையெழுத்திடுவார், அவர் கையெழுத்திட்ட அன்றிலிருந்து இந்தக் குறிப்பு நடப்புக்கு வரும் என்று ஒரு வரி எழுதிவிடுவது. தொலைபேசியில் "சரி சரி" என்று அவர் சொன்னதை வைத்துக்கொண்டு முடிக்காதீர்கள்.

வீட்டில் வாடகைக்கு இருப்பவர் வந்திருந்தாலும் இதே கேள்விதான். அவர் தன் நடத்தைக்கு வாக்குக் கொடுக்கலாம். தரையை உடைக்க வாக்குக் கொடுக்க முடியாது.

ஒப்புக்கொண்டதை எழுதுவது

ஒவ்வொரு வரியையும் எழுதியதும், அறையில் இல்லாத ஒருவர் ஆறு மாதம் கழித்து இதைப் படித்தால், செய்தாயிற்றா இல்லையா என்று அவரால் சொல்ல முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் வரி இன்னும் முடியவில்லை. யார் செய்ய வேண்டும், என்ன, எந்தத் தேதிக்குள், எவ்வளவு பணம், செய்ததற்கு எது அடையாளம், ஏதாவது தடைபட்டால் என்ன என்று ஒன்றொன்றாகக் கேட்டுக்கொண்டே போங்கள். "விரைவில்", "முடிந்தவரை", "நியாயமான செலவு" போன்றவை அந்த இரவில் எல்லாருக்கும் இனிக்கும். ஆளுக்கொரு அர்த்தத்தை மனதில் வைத்துக்கொண்டு தலையாட்ட முடிகிறதே, அதனால்தான் இனிக்கிறது.

இந்த வழக்கில் முதலில் எழும் ஆசை, "வீவக வந்து கசிவைச் சரிசெய்யும்" என்று எழுதுவது. அப்படி எழுதவே கூடாது. வீவக அந்த அறையில் இல்லை, கையெழுத்துப் போடவில்லை, அது எப்போது வரும் என்று இவர்கள் இருவராலும் வாக்குக் கொடுக்க முடியாது. இவர்கள் கையில் இருப்பதை மட்டும் எழுதுங்கள்: புகாரைப் பதிவு செய்வது, வீட்டைத் திறந்துவிடுவது, படிவத்தில் கையெழுத்துப் போடுவது, தன் பங்கைக் கட்டுவது.

மாடிக்கு மாடி வரும் கசிவில் மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் சேர்த்தே பொறுப்பு உண்டு என்பதுதான் வீவகவின் நிலை. வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தின் கீழ் வேலை நடந்தால் செலவில் பாதியை வீவக ஏற்கும், மீதிப் பாதியை இரண்டு வீட்டாரும் ஆளுக்குக் கால் பங்காகக் கட்ட வேண்டும். ஆக, வேலைக்கு 1,200 வெள்ளி ஆகிறது என்று வைத்துக்கொண்டால் வீவக 600, இவர்கள் ஆளுக்கு 300. இதைப் பேச்சின்போதே கணக்குப் போட்டுக் காட்டினால் பாதிச் சண்டை அடங்கிவிடும், "முழுசும் அவங்கதான் கட்டணும்" என்று வந்தவரும் கொஞ்சம் இறங்கி வருவார். ஆனால் குறிப்பில் 300 என்று மட்டும் எழுதாதீர்கள், விலை இன்னும் வரவில்லையே. "கால் பங்கு" என்று எழுதுங்கள்.

சரி, திட்டம் இவர்களுக்குக் கிடைக்காமல் போனால்? புதியவர்கள் இந்த இடத்தில் "இரு தரப்பும் மீண்டும் சந்தித்துப் பேசுவார்கள்" என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். அதை எழுதக் கூடாது என்றில்லை, ஆனால் அது ஒப்பந்தமே இல்லை, ஒப்பந்தம் இல்லை என்பதைப் பணிவாகச் சொல்வது. இன்னும் பத்து நிமிடம் செலவழித்து, தனியார் குத்தகையாளரிடம் போக நேர்ந்தால் எப்படிப் பிரிப்பீர்கள், எவ்வளவு வரை தாங்குவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் வழக்கில் இரண்டு விலை வாங்கி, குறைந்ததைச் சரிபாதி பிரிப்பது, ஆளுக்கு 800 வெள்ளிக்கு மேல் போனால் அதற்கு இந்தக் குறிப்பு பொருந்தாது என்று முடிந்தது. உச்சவரம்பு போட்டதால்தான் அம்மா சம்மதித்தார்.

எழுதிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா, "ஏம்மா, எழுதினா நம்பிக்கை இல்லாத மாதிரி இருக்கே, நான் சொன்னா சொன்னதுதான்" என்று கீழ்வீட்டுப் பெண்ணைப் பார்த்துச் சொல்ல, அவரும் உடனே, "ஆமா ஆன்ட்டி, எழுத வேண்டாம்" என்று உருகிவிட்டார். இந்த இடத்தில் நீங்களும் சேர்ந்து உருகக் கூடாது. நம்பிக்கையைப் பற்றி எதுவும் பேசாமல், "வீவக அதிகாரிகிட்ட இதைக் காட்ட வேண்டி வரலாம் அம்மா, அவருக்கு உங்க ரெண்டு பேரையும் தெரியாதே" என்று சொன்னால் போதும், பேனா நகரும்.

ஒப்புக்கொண்ட பகுதி இப்படி வந்தது:

> 1. கீழ்வீட்டார் 19 ஆகஸ்ட் 2025க்குள் வீவக கிளை அலுவலகத்தில் கசிவைப் பதிவு செய்து, பதிவு எண்ணை வாட்ஸ்அப்பில் மேல்வீட்டாருக்கு அனுப்புவார்கள்.
>
> 2. வீவக அதிகாரியோ அது அனுப்பும் குத்தகையாளரோ பார்வையிடவும் வேலை செய்யவும், குறைந்தது 3 நாளைக்கு முன்பு தகவல் கிடைத்தால், மேல்வீட்டார் வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரை வீட்டைத் திறந்துவிடுவார்கள். அந்த நாள் முடியாவிட்டால் அடுத்த 7 நாளுக்குள் வேறு நாளைச் சொல்வார்கள்.
>
> 3. நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டம் கிடைத்தால், படிவம் கைக்கு வந்த 7 நாளுக்குள் இரு தரப்பும் கையெழுத்திட்டு, வீவக கேட்கும் தேதிக்குள் ஒவ்வொருவரும் கால் பங்கைக் கட்டுவார்கள்.
>
> 4. திட்டம் கிடைக்காது என்று வீவக தெரிவித்தால், அன்றிலிருந்து 21 நாளுக்குள் ஒவ்வொரு தரப்பும் ஒரு தனியார் குத்தகையாளரிடம் எழுத்துபூர்வ விலை வாங்கும். குறைந்த விலையை இருவரும் சரிபாதியாக ஏற்பார்கள். ஒரு தரப்பின் பங்கு 800 வெள்ளிக்கு மேல் போனால் இந்த வரி பொருந்தாது.
>
> 5. நடப்புக்கு வந்த நாள் முதல் வேலை முடியும்வரை, மேல்வீட்டார் அந்தக் குளியலறையில் குளிக்கவோ துணி துவைக்கவோ மாட்டார்கள். மற்றக் குளியலறையைப் பயன்படுத்துவார்கள். கழிப்பறையாகப் பயன்படுத்தலாம்.
>
> 6. கீழ்வீட்டுக் குளியலறைக் கூரைக்குப் பெயின்ட் அடிப்பதற்காக, மேல்வீட்டார் 31 ஆகஸ்ட் 2025க்குள் 180 வெள்ளியைப் பேநவ் வழியாக அனுப்புவார்கள். கூரைப் பெயின்ட் பற்றி அதற்குமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை.
>
> 7. கசிவு பற்றி இரு தரப்பும் வாட்ஸ்அப்பில், காலை 9 முதல் இரவு 9 வரை மட்டும் தொடர்புகொள்வார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் கதவைத் தட்ட மாட்டார்கள்.

ஐந்தாவது வரியில் "கழிப்பறையாகப் பயன்படுத்தலாம்" என்பதை விட்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, இரவில் மற்றக் குளியலறை வரை நடந்து போக முடியாது. முதல் இரவே ஒப்பந்தம் மீறப்பட்டிருக்கும், ஃபிளஷ் சத்தம் கீழே கேட்கும், மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் சண்டை. ஒருவர் எதைச் செய்ய மாட்டார் என்று எழுதும்போது, எதைச் செய்யலாம் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

இரண்டாவது வரியில் உள்ள நேரம் சும்மா வந்ததில்லை. வீவக விதிப்படி உடைப்பது, துளைப்பது போன்ற சத்தமான வேலைகளை வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் செய்யலாம், சனிக்கிழமை கூடாது. மகன் முதலில் "சனிக்கிழமை மட்டும்தான் முடியும், நான் அன்னைக்குத்தான் வீட்ல இருப்பேன்" என்றார். அப்படியே எழுதியிருந்தால் செய்யவே முடியாத ஒன்றை ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும்.

ஆறாவதில் "அதற்குமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை" என்பது பெயின்ட்டுக்கு மட்டும் என்று குறுக்கி எழுதியிருப்பதையும் பாருங்கள். அந்த வரியை மொத்தக் குறிப்புக்கும் பொருந்துவதுபோல் கடைசியில் போட்டுவிட்டால் அலமாரிக் கோரிக்கையும் 180 வெள்ளியோடு முடிந்துபோனது என்று மேல்வீட்டார் சொல்லலாம், கீழ்வீட்டார் இல்லை என்பார்கள், இரண்டுக்கும் காகிதத்தில் இடம் இருக்கும்.

தாழ்வாரச் சண்டைக்கு அந்த அறையில் இருவரும் வருத்தம் தெரிவித்தார்கள். அதை நான் எழுதவில்லை. மன்னிப்பு சொன்னதை எழுதினால், எழுதியவுடன் அது யார் தப்பு என்பதற்கான சான்றாகிவிடுகிறது. ஒருவர் கட்டாயம் எழுத வேண்டும் என்று கேட்டால் மட்டும், இரு தரப்பும் சம்மதிக்கிற சொற்களில், ஒரே வரியில் எழுதுங்கள். இனி எப்படி நடந்துகொள்வார்கள் என்பது ஏழாவது வரியில் வந்துவிட்டது, அதுதான் நாளைக்குப் பயன்படும்.

தீராததை எழுதுவது

அலமாரியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியும் ஒத்துவரவில்லை. கீழ்வீட்டார் 1,400 வெள்ளி கேட்கிறார்கள். மேல்வீட்டார், அந்தச் சுவர் வெளிப்புறச் சுவரோடு சேர்ந்தது, மழைத் தண்ணீராலும் ஊறியிருக்கலாம், அலமாரியும் பழசு என்கிறார்கள். தனியே பேசும்போது அம்மா, "ஒரு ஐந்நூறு கொடுத்து முடிச்சிடலாமா" என்று கேட்டார், மகன் வேண்டாம் என்று தடுத்துவிட்டார்.

தீராததை எழுதவே வேண்டாம், ஒத்துக்கொண்டதை மட்டும் எழுதினால் போதுமே என்று தோன்றும். எழுதாவிட்டால், இந்தக் குறிப்பு எல்லாவற்றையும் தீர்த்துவிட்டதா இல்லையா என்பதே அடுத்த சண்டையாகும். ஆகவே எழுதத்தான் வேண்டும், ஆனால் பிரச்சினையின் எல்லையை மட்டும், இரண்டு பக்கமும் ஒரே நீளத்தில். யாருடைய வாதமும் வேண்டாம், யார் எவ்வளவு வரை இறங்கி வந்தார் என்பது வேண்டவே வேண்டாம். அந்த ஐந்நூறு வெள்ளி குறிப்பில் ஏறிவிட்டால், நாளை பேரம் அங்கிருந்துதான் தொடங்கும். அதைவிட, மூடிய அறையில் நம்பிச் சொன்ன ஒரு வார்த்தையை நீங்களே வெளியே கொண்டுவந்தவர் ஆவீர்கள். "பேச்சு முறிந்ததற்கு மகனின் பிடிவாதம் காரணம்" என்பது போன்ற கருத்துகளும் அப்படித்தான், எவ்வளவு உண்மையாகத் தோன்றினாலும்.

தீராத ஒன்றை எழுதுவதற்கு முன்பு அதை இன்னும் சிறிதாக உடைக்க முடியுமா என்று பாருங்கள், இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுப்பேன். அலமாரி சேதமாகியிருக்கிறது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை, அறையிலேயே படம் பார்த்தார்கள். சேதத்துக்குக் காரணம் எது என்பதில் ஒத்துவரவில்லை. காரணம் கசிவுதான் என்றே வைத்துக்கொண்டாலும் எவ்வளவு என்பதிலும் ஒத்துவரவில்லை. ஆக "அலமாரி" என்ற ஒரே கட்டி மூன்றாக உடைகிறது, அதில் ஒன்று ஒப்புக்கொண்டதுதான். இப்படி எழுதினால், நாளை வீவக அதிகாரி கசிவின் மூலத்தைக் கண்டுபிடித்துச் சொல்லும்போது இரண்டாவது கேள்விக்குத் தானாகவே வெளிச்சம் கிடைக்கலாம், தொகை மட்டும் மிஞ்சும். ஆனால் ஒப்புக்கொண்ட பாகத்தை இங்கே எழுத இரு தரப்பின் சம்மதமும் கட்டாயம், கேட்காமல் எழுதாதீர்கள்.

> 8. கீழ்வீட்டு மாஸ்டர் படுக்கையறையில் குளியலறைச் சுவரோடு பொருத்திய அலமாரியின் பலகைகள் சேதமாகியுள்ளன என்பதை இரு தரப்பும் ஏற்கின்றனர். பின்வருபவற்றில் உடன்பாடு எட்டப்படவில்லை: (அ) சேதத்துக்குக் காரணம் எது, (ஆ) இழப்பீடு தர வேண்டுமா, தருவதானால் எவ்வளவு.
>
> 9. வரி 1 முதல் 7 வரை உள்ளவை, வரி 8 தீர்ந்தாலும் தீராவிட்டாலும் செல்லும்.
>
> 10. இந்தக் குறிப்பில் உள்ள எதுவும், கசிவுக்கோ சேதத்துக்கோ ஒரு தரப்பு பொறுப்பேற்றதாக ஆகாது. வரி 8ல் உள்ளவை பற்றி வேறு வழியில் கோரிக்கை எழுப்பவும் மறுக்கவும் இரு தரப்புக்கும் உள்ள உரிமை அப்படியே இருக்கிறது.

ஒன்பதாவது வரியைக் கேட்காமல் போட்டுவிடாதீர்கள். சிலர் மனதில் "அலமாரிக்குப் பணம் வந்தால்தான் நான் பழுதுச் செலவில் பங்கு போடுவேன்" என்ற கணக்கு இருக்கும், வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். நேரடியாகவே கேளுங்கள்: "அலமாரி விஷயம் முடியவே இல்லைன்னு வைங்க, அப்பவும் ஆகஸ்ட் 19க்குள்ள வீவகவுல பதிவு பண்ணுவீங்களா?" தயங்கினால் ஒப்பந்தம் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம், திரும்பவும் பேச உட்காருங்கள். பத்தாவது வரி இல்லாவிட்டால், ஆறாவது வரியில் கொடுத்த 180 வெள்ளியே மேல்வீட்டார் தப்பை ஒப்புக்கொண்டதற்குச் சான்று என்று நாளை யாராவது வாதாடுவார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைக் குறிப்பில் எழுத வேண்டாம், வாயால் சொல்லுங்கள். சொத்துச் சேதத்துக்கான இழப்பீட்டைச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் கேட்கலாம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. ஆனால் கோரிக்கைக்கான காரணம் எழுந்து 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும். சமரசத்துக்கு வந்ததாலோ இந்தக் குறிப்பில் கையெழுத்திட்டதாலோ அந்தக் காலம் நிற்பதில்லை. கீழ்வீட்டார் சுவர் ஊறியதை 2024 மார்ச்சில் முதலில் பார்த்தார்கள் என்றால், நாள் குறைவாகத்தான் இருக்கிறது. கடைசித் தேதி இதுதான் என்று கணக்குப் போட்டுச் சொல்வது சமரசரின் வேலை இல்லை. காலவரம்பு ஒன்று இருக்கிறது, சட்ட ஆலோசனை மையத்திலோ நடுவர் மன்றத்திலோ விசாரித்துக்கொள்ளுங்கள் என்று இரு தரப்பும் இருக்கும்போது சொல்லிவிடுங்கள். ஒருவரிடம் மட்டும் தனியே சொன்னால் பக்கச் சாய்வாகிவிடும்.

கையெழுத்துக்கு முன் வாசித்துக் காட்டுங்கள்

மேலே உள்ளதை உங்களுக்காகத் தமிழில் கொடுத்தேன், நிலையத்தில் குறிப்பு ஆங்கிலத்தில்தான் பெரும்பாலும் எழுதப்படும். அம்மாவுக்கு ஆங்கிலம் பேச்சளவில் புரியும், இப்படிப்பட்ட வாசகம் புரியாது. மகனை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள், அவரும் ஒரு தரப்புதான். நீங்களே, இல்லையென்றால் உங்களோடு இருக்கும் இணைச் சமரசர், வரிக்கு வரி தமிழில் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பிறகு நிறுத்தி, "இதுல நீங்க என்ன செய்யணும், சொல்லுங்க அம்மா" என்று அவர் வாயாலேயே திரும்பச் சொல்ல வையுங்கள். "புரியுதா?" என்று கேட்டால் "புரியுது" என்றுதான் வரும். திரும்பச் சொல்லும்போதுதான் அவர் கால் பங்கு என்பதை மொத்தச் செலவில் பாதி என்று நினைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. கடைசியில், குறிப்பு இன்னாரால் தமிழில் விளக்கப்பட்டது, புரிந்துகொண்டு கையெழுத்திடுகிறேன் என்று ஒரு வரி சேர்த்து அதன் கீழே அவர் கையெழுத்தை வாங்குங்கள்.

கையெழுத்து கடைசிப் பக்கத்தில் முழுதாக, மற்றப் பக்கங்களின் ஓரத்தில் சுருக்கமாக. அடித்துத் திருத்திய ஒவ்வொரு இடத்திலும் எல்லாரும் சுருக்கக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று நான்கு இடத்துக்கு மேல் அடித்திருந்தால் புதிதாக எடுத்து எழுதிவிடுங்கள், இன்னும் கால் மணி நேரம்தானே. காலியாக விட்ட இடத்தில் கோடு போட்டு மூடுங்கள். கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதி ஒவ்வொருவரும் தங்கள் கையால் எழுதட்டும், கணவர் வேறு நாளில் வந்து போடுவார் என்பதால் இந்த வழக்கில் அது முக்கியம். சமரசரும் கையெழுத்திடுவார், ஆனால் தரப்பாக இல்லை, அதற்கென்று இருக்கும் இடத்தில். ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு படி அன்றைக்கே கையில் கொடுத்து அனுப்புங்கள்.

யாராவது கடைசி நிமிடத்தில் "வீட்ல கேட்டுட்டு நாளைக்குப் போடறேன்" என்றால் தள்ளிப்போட விடுங்கள். வற்புறுத்தி வாங்கிய கையெழுத்தை எவரும் நிறைவேற்றுவதில்லை.

ஒரு விஷயத்திலும் ஒத்துவராமல் கலைந்தால் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. உடன்பாடு எட்டப்படவில்லை என்று நிலையத்தின் படிவத்தில் குறித்தால் போதும், காரணம் எழுதாதீர்கள்.

கையெழுத்தான பிறகு இந்தக் காகிதத்துக்கு என்ன பலம்

சமூக சமரச நிலையத்தில் எழுதிக் கையெழுத்திட்டது இரு தரப்பையும் ஒப்பந்தமாகக் கட்டுப்படுத்தும். ஆனால் அது நீதிமன்ற உத்தரவு இல்லை. மேல்வீட்டார் 180 வெள்ளியை அனுப்பாவிட்டால் யாரும் தானாக வந்து வசூலித்துத் தர மாட்டார்கள், ஒப்பந்தம் மீறப்பட்டது என்று கீழ்வீட்டார்தான் மேற்கொண்டு போக வேண்டும். வேறு இடங்களில் நடைமுறை வேறு, நீங்கள் பிறகு அங்கேயும் தொண்டூழியம் செய்யக்கூடும் என்பதால் சொல்கிறேன். சிங்கப்பூர் சமரச நிலையம் போன்ற, அரசு அங்கீகரித்த அமைப்புகள் நடத்தும் சமரசத்தில், ஏற்கெனவே வழக்கு எதுவும் தொடுக்கப்படாமல் இருந்தால், 2017ஆம் ஆண்டின் சமரசச் சட்டத்தின் கீழ் உடன்பாட்டை நீதிமன்ற உத்தரவாகப் பதிவு செய்யக் கேட்கலாம். அதற்கு எல்லாத் தரப்பின் சம்மதமும் வேண்டும், உடன்பாடு செய்த 8 வாரத்துக்குள் கேட்க வேண்டும். சம்பளத் தகராறில், அவற்றைக் கையாளும் முத்தரப்புக் கூட்டணியில் எட்டிய உடன்பாடு என்றால் 4 வாரத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் பதிவு செய்யலாம். தீராமல் போனால் சமரசர் தரும் பரிந்துரைச் சான்றிதழை வைத்து, அதுவும் 4 வாரத்துக்குள், வேலைவாய்ப்புக் கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்துக்குப் போக வேண்டும். எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறீர்களோ அதற்கான காலவரம்பைத் தரப்பினர் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

எங்கள் வழக்கில் கணவர் 15ஆம் தேதி காலை வேலை முடிந்து நேராக வந்து, முழுவதையும் ஒருமுறை படித்துவிட்டு, ஏழாவது வரியில் வாட்ஸ்அப் எந்த எண்ணுக்கு என்று இல்லையே என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் மற்ற மூவர் ஏற்கெனவே கையெழுத்திட்ட தாளில் ஒருவருக்காக எதையும் சேர்க்கக் கூடாது. இணைப்பு என்று தலைப்பிட்டுத் தனித்தாளில் இரண்டு எண்களையும் எழுதி, மூலக் குறிப்பின் தேதியை மேலே போட்டு, அவரிடம் அங்கேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு, அம்மாவையும் மகனையும் கீழ்வீட்டு மனைவியையும் மறுநாள் வரச்சொல்லி அந்தத் தாளிலும் கையெழுத்து வாங்கினோம்.